மூன்றடிக் குத்துவிளக்கு ஜோடி 680 வெள்ளி: நியாயமான விலையா?

பாத்தோக் அருண் | வியாழன், இரவு 9:40

வணக்கம். புது வீவக வீட்டுக்குச் சாவி வாங்கிவிட்டோம். அடுத்த மாதம் புதுமனை புகுவிழா. வரவேற்பறையில் வாசலைப் பார்த்து இரண்டு பக்கமும் வைக்க மூன்றடி உயரத்தில் ஒரு ஜோடி பித்தளைக் குத்துவிளக்கு தேடுகிறோம். அலங்காரத்துக்குத்தான், ஆனால் விசேஷ நாளில் ஏற்றவும் வேண்டும்.

இப்போது நடக்கும் கைவினைக் கண்காட்சி ஒன்றில் ஒரு ஜோடி பிடித்திருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த வியாபாரி. 'நாச்சியார்கோவில் விளக்கு, கையால் செய்தது, ஒன்று எட்டுக் கிலோவுக்கு மேல்' என்கிறார். ஜோடி 680 வெள்ளி. கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. அதே உயரத்தில் சிராங்கூன் சாலைக் கடை ஒன்றில் ஜோடி 620 சொன்னார்கள், ஆனால் பார்க்கக் கொஞ்சம் ஒல்லியாக இருந்தது. எது நல்ல விலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பேரம் பேசலாம், ஆனால் எந்த எண்ணிலிருந்து பேசுவது என்று தெரியவில்லை.

ஈசூன் பாபு | வியாழன், இரவு 9:58

இரண்டு இடத்திலும் வாங்காதீர்கள் தம்பி. சனிக்கிழமை காலையில் ஜோகூர் பாரு போய்விட்டு மதியம் திரும்பிவிடலாம். அங்கே விளக்கு, பாத்திரம் எல்லாம் ரிங்கிட்டில் பாதி விலை. என் தங்கை கல்யாணத்துக்கு அங்கேதான் எல்லாம் வாங்கினோம்.

சுந்தர் எம். | வியாழன், இரவு 10:15

வாங்கும் இடம் முக்கியமில்லை, உலோகம் முக்கியம். ஒரு சின்னக் காந்தம் எடுத்துக்கொண்டு போங்கள். விளக்கின் எல்லாப் பாகத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் சுத்தப் பித்தளை. அப்புறம் எடை பார்த்து, கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்தால் போதும். இது சுலபமான கணக்கு.

மல்லிகா மண்டபம் | வியாழன், இரவு 11:02

அருண் தம்பி, நான் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறேன். வாடகைக்கு விட விளக்குகளை மொத்தமாக வாங்குவதால் இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு.

சுந்தர் அண்ணன் சொன்ன காந்தச் சோதனை இரும்பை மட்டும்தான் பிடித்துக் கொடுக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்துப் பித்தளை முலாம் பூசியதிலும் காந்தம் ஒட்டாது. அலுமினியத்திலும் ஒட்டாது. உள்ளே சுண்ணாம்புக் கலவையோ அரக்கோ அடைத்திருந்தாலும் ஒட்டாது. அதனால் காந்தம் ஒட்டினால் சந்தேகப்படலாம், ஒட்டவில்லை என்றால் எதுவும் தெரிந்துவிட்டதாக நினைக்கக்கூடாது. ஒட்டினாலும்கூட அவசரப்பட வேண்டாம். சில விளக்குகளில் தண்டு நேராக நிற்க உள்ளே ஒரு இரும்புக் கம்பி போவது உண்டு, அது தன்னளவில் மோசடி இல்லை.

விலையை எடையால் வகுப்பது சரியான வழிதான். ஆனால் மொத்த எடையால் வகுத்தால் ஏமாறுவோம். குத்துவிளக்கைத் திருகிக் கழற்றலாம்: அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் இருக்கும் கொண்டை. வியாபாரியிடம் கேட்டு நான்கையும் தனித்தனியாக எடை போடுங்கள். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். நல்ல வியாபாரி மறுக்கமாட்டார்.

முக்கியமாக அடிப்பாகத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். வார்த்த விளக்கின் அடிப்பாகம் உட்பக்கம் குடைவாகத் திறந்திருக்கும். உள்சுவர் மணலில் வார்த்த சொரசொரப்போடு தெரியும், விளிம்பின் கனத்தையும் விரலால் தொட்டுப் பார்க்கலாம். அது தகடு வைத்தோ ஏதாவது ஊற்றியோ மூடியிருந்தால், எடையில் எவ்வளவு பித்தளை என்று வெளியிலிருந்து தெரியாது. விரல் மூட்டால் தட்டினால் திறந்த அடி கொஞ்ச நேரம் ரீங்காரம் செய்யும். அடைத்த அடி 'டொக்' என்று நின்றுவிடும்.

ஈசூன் பாபு | வியாழன், இரவு 11:20

இவ்வளவு சோதனை எதற்கு அக்கா? பாதி விலை என்றால் கொஞ்சம் கலப்பு இருந்தாலும் லாபம்தானே.

மல்லிகா மண்டபம் | வியாழன், இரவு 11:41

கலப்பு என்பது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை பாபு. முலாம் பூசிய தட்டில் திரி எரிந்தால், விளக்கைத் தேய்த்துக் கழுவிக் கழுவி சில வருடத்தில் முலாம் போய் வெள்ளையாகத் தெரியும். அதற்கு மறுபடி முலாம் போட இங்கே கேட்கும் கூலியில் புது விளக்கே வாங்கலாம்.

ஜோகூர் போவதில் இன்னொரு விஷயம். 48 மணி நேரத்துக்குள் சிங்கப்பூர் திரும்பினால் ஜிஎஸ்டி சலுகை 100 வெள்ளி வரைதான். அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு சுங்கத்தில் சொல்லி 9 விழுக்காடு கட்ட வேண்டும். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் 500 வெள்ளி வரை சலுகை. அதுவும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சுற்றுப்பயணிகளுக்கும்தான். வேலை அனுமதிச் சீட்டு, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஊரிலிருந்து பெட்டியில் விளக்கு கொண்டு வருகிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. வரியைச் சேர்த்தும் ஜோகூர் விலை குறைவாக இருக்கலாம், போய்ப் பார்ப்பதில் தப்பில்லை. அங்கேயும் அடியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கவிதா பொங்கோல் | வெள்ளி, காலை 8:05

கண்காட்சி வியாபாரிகளை நம்பாதீர்கள். போன வருடம் ஒரு கண்காட்சியில் தஞ்சாவூர் ஓவியம் வாங்கினேன், 22 காரட் தங்க ரேக்கு என்று சொன்னார். இப்போது கிருஷ்ணர் கிரீடத்தின் ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது. கண்ணாடிக்குள் வேறு புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. மல்லிகா அக்கா, இதையும் தண்ணீரிலோ தராசிலோ சோதிக்க முடியுமா? விற்றவரின் கைப்பேசி எண் இப்போது வேலை செய்யவில்லை.

மல்லிகா மண்டபம் | வெள்ளி, காலை 8:50

ஐயோ கவிதா, ஓவியத்தைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டு போகாதீர்கள். உள்ளே சுண்ணாம்புப் பொடியும் பசையும்தான், ஊறிவிடும். தங்க ரேக்கு பழுப்பாகாது. பித்தளை ரேக்கு ஓரத்திலும் மடிப்பிலும் முதலில் கறுக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். பூஞ்சைக்குக் காரணம் வேறு, நம் ஊர் ஈரம். சட்டத்தைத் திறந்து பார்க்கச் சட்டம் போடும் கடைக்குக் கொண்டு போங்கள். இதைத் தனி இழையாகப் போட்டால் ஓவியம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

அருண், கவிதா சொன்னதில் உங்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. இங்கே கடை வைத்திருப்பவரிடம் வாங்கிய பொருளில் குறை இருந்து, அது ஆறு மாதத்துக்குள் தெரிந்தால், விற்கும்போதே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012 செப்டம்பரிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. ஞாயிறு இரவு விமானம் ஏறிவிடும் வியாபாரியிடம் அதை வைத்து என்ன செய்வது? அதனால் கண்காட்சி விலை கடை விலையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சமமாக இருந்தால்கூட நான் கடையில்தான் வாங்குவேன்.

பாத்தோக் அருண் | வெள்ளி, இரவு 10:30

இன்று மாலை போய்ப் பார்த்தேன். வியாபாரி நல்ல மனிதர், கழற்றிக் கொடுத்தார். ஒரு விளக்கின் எடை:

அடிப்பாகம் 4.1 கிலோ, தண்டு 2.0, தட்டு 1.5, கொண்டை 0.6. மொத்தம் 8.2 கிலோ. அவர் சொன்ன எடை சரிதான்.

ஆனால் அடிப்பாகத்தின் கீழ்ப்பக்கம் கறுப்பாக ஏதோ ஊற்றி மூடியிருக்கிறது. தட்டினால் டொக் என்றுதான் கேட்டது. கேட்டதற்கு, 'உயர விளக்கு, சாயாமல் இருக்க எடை வைத்திருக்கிறோம்' என்றார். கொண்டையை மட்டும் தண்ணீர்ச் சோதனை செய்யலாமா என்று கேட்டேன், சரி என்றார். என் மனைவி சமையல் தராசு கொண்டு வந்திருந்தாள். முன்பு இணையத்தில் படித்த முறை: தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, கொண்டையை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்க மூழ்க விட்டோம். தராசு 71 கிராம் காட்டியது. இதற்கு என்ன அர்த்தம் என்று யாராவது சரிபார்க்க முடியுமா?

அங்கிருந்து சிராங்கூன் சாலைக் கடைக்கும் போனோம். அந்த விளக்கு ஒன்று 6.9 கிலோ, அடி திறந்திருக்கிறது, தட்டினால் நன்றாக ஒலிக்கிறது. ஜோடி 620.

சுந்தர் எம். | வெள்ளி, இரவு 10:48

71 கிராம் தண்ணீர் விலகியிருக்கிறது, அதாவது கொண்டையின் கன அளவு 71 கன சென்டிமீட்டர். 600 கிராமை 71-ஆல் வகுத்தால் அடர்த்தி ஏறக்குறைய 8.45. பித்தளை 8.4-க்கும் 8.7-க்கும் இடையில் வரும். துத்தநாகக் கலவையாக இருந்தால் 7-ஐ ஒட்டி வந்திருக்கும், அலுமினியம் 2.7. இரும்பு 7.8, அதைத்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும். கொண்டை நல்ல பித்தளை. காந்தத்தைவிட இந்தச் சோதனை மேல் என்று ஒத்துக்கொள்கிறேன். அன்னத்தின் கழுத்துக்குள் காற்றுக் குமிழி தங்கினால் தராசு கூடுதலாகக் காட்டி, அடர்த்தி குறைவாக வரும், அதனால் மூழ்கியதும் ஒரு முறை ஆட்டிவிட வேண்டும்.

அடிப்பாகத்தையும் இப்படியே ஒரு வாளியில் விட்டால் தீர்ந்தது.

மல்லிகா மண்டபம் | வெள்ளி, இரவு 11:15

அடியை வாளியில் விட்டால் அடைப்போடு சேர்ந்த சராசரிதான் வரும் அண்ணே. அடைப்பு என்ன பொருள் என்று தெரியாமல் பித்தளை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. சமையல் தராசு வாளித் தண்ணீரின் எடையையே தாங்காது. வேறு வழியில் மதிப்பிடலாம்.

என்னிடம் இருக்கும் மூன்றடி விளக்குகளில் திறந்த அடி ஏறக்குறைய 2.6 கிலோ இருக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் இவருடைய 4.1 கிலோவில் ஒன்றரைக் கிலோ அடைப்பு. மற்ற மூன்று பாகமும் சேர்த்து 4.1. ஆக ஒரு விளக்கில் பித்தளை சுமார் 6.7 கிலோ. ஒன்று 340 வெள்ளி என்றால், அவர் சொல்லும் எடைக்குக் கிலோ 41 வெள்ளி சொச்சம்போலத் தெரியும். உண்மைப் பித்தளைக்கு ஏறக்குறைய 51 வெள்ளி. கடை விளக்கு 310-ஐ 6.9-ஆல் வகுத்தால் 45 வெள்ளி. 'ஒல்லியாக' இருப்பதாக நீங்கள் நினைத்ததில்தான் பித்தளை அதிகம்.

அந்த 45 நியாயமா என்று அடுத்து கேட்பீர்கள். எங்கள் கடைசிச் சரக்கின் கணக்கைச் சொல்கிறேன். கும்பகோணம் பக்கம் பட்டறையில் சாதா வேலைப்பாட்டுக்குக் கிலோ 980 ரூபாய் கொடுத்தோம். அப்போதைய மாற்று விகிதத்தில் சுமார் 15 வெள்ளி. மரப்பெட்டி, கப்பல், முகவர் கட்டணம் சேர்த்துக் கிலோவுக்கு 4. அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பொருளுக்கு உள்ள 400 வெள்ளிச் சலுகை கப்பல் சரக்குக்குக் கிடையாது, முதல் வெள்ளியிலிருந்தே வரி. இதுவரை 21-ஐ நெருங்கிவிட்டது. வழியில் நெளிந்தது, திருகு மரை கெட்டது என்று கழித்தால் 23. நாங்கள் கொள்கலனில் இடம் பகிர்ந்து நிறையக் கொண்டு வருவதால் இந்த விலை. ஜோடி விளக்குக்காக ஒருவர் தனியாக அனுப்பச் சொன்னால் கூரியர் செலவே விளக்கின் விலையைத் தொடும்.

லிட்டில் இந்தியாவில் வாடகை கட்டி, ஆள் வைத்து, ஒரு ஜோடி விற்க மாதக்கணக்கில் காத்திருக்கும் கடை அதை இரட்டித்து விற்பது கொள்ளை இல்லை. 45 நியாயம். ஜோடி 590-க்குக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். 500-க்குக் கேட்டு அவர்கள் கொடுத்தால் நான் அந்த விளக்கைச் சந்தேகப்படுவேன்.

கோலம் நித்யா | சனி, காலை 9:20

கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு இதில் ஒரு வருத்தம். கிலோ விலையிலேயே எல்லாவற்றையும் அளந்தால், நுணுக்கமாக உளி பிடித்தவருக்கு என்ன கிடைக்கும்? மெல்லியதாக, அழகாகச் செய்தவருக்குக் குறைவு, தடியாக வார்த்தவருக்கு அதிகம் என்று ஆகிவிடுகிறதே. அந்த அடைப்பே இதனால்தான் வந்திருக்கும். வாங்குகிறவர்கள் எடையை மட்டும் பார்த்தால் விற்கிறவர் எடையைக் கூட்டத்தானே செய்வார்?

நான் இங்கேயே மரப்பலகையில் கைக்கோலம் வரைந்து கொடுக்கிறேன். இரண்டடிப் பலகைக்குப் பூச்சு, வரைதல், மேல்பூச்சு எல்லாம் சேர்த்து முழு நாள் வேலை ஓடிவிடும். 180 வெள்ளி சொன்னால், 'தீபாவளிச் சந்தையில் இதே மாதிரி 35-க்குக் கிடைக்கிறது' என்பார்கள். அது அச்சடித்த ஸ்டிக்கர். விரலால் தடவினால் கோடு எழும்பி நிற்காது, கோடுகள் சேரும் இடத்தில் சாயம் கனக்காது. என் பலகையை எடை போட்டால் மரத்தின் எடைதான் வரும்.

மல்லிகா மண்டபம் | சனி, காலை 10:05

நித்யா சொல்வது நியாயம். பட்டறைகளில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கடைந்து மெருகு போட்ட சாதா விளக்குக்கு எடை விலை. நகாசு வேலை இருந்தால் அதற்குக் கூலி தனி, எடையில் சேராது. அருண் பார்த்த விளக்கில் நகாசு இருந்தால் நான் போட்ட கணக்கை மாற்ற வேண்டும்.

அதைப் பார்ப்பது எப்படி என்றால், ஜோடியில் இரண்டு விளக்கையும் பக்கத்தில் வைத்து ஒரே பூவை ஒப்பிடுங்கள். அச்சிலேயே வந்த பூ இரண்டிலும் ஒரே மாதிரி, ஓரம் மழுங்கலாக இருக்கும். உளியால் வெட்டிய பூவில் கோடு கூர்மையாக, வெட்டின அடிவரை பளபளப்பாக இருக்கும், இரண்டு விளக்குக்கும் இதழில் சின்ன வித்தியாசம் தெரியும். வெட்டிய வேலை நிறைய இருந்தால் கிலோ 51 கொடுத்தாலும் தப்பில்லை.

நாச்சியார்கோவில் என்ற பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்க் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு உண்டு. காவிரி வண்டல் மணலில் வார்ப்பதைச் சிறப்பாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு விளக்கு அந்த ஊரில் செய்ததுதான் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல என்னால் முடியாது. பெயருக்காக விலை கூட்டினால் பில்லில் 'நாச்சியார்கோவில் குத்துவிளக்கு' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்தக் கூடுதலைக் கொடுக்காதீர்கள்.

ஈசூன் பாபு | சனி, காலை 11:30

அடைப்பு பற்றி எனக்கு ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். மூன்றடி விளக்கு அடியில் கனம் இல்லாமல் நின்றால் ஓடி வந்து இடித்ததும் சாய்ந்துவிடும், மேலே எரிகிற எண்ணெய் வேறு. அந்த வியாபாரி சொன்ன காரணம் எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. நானாக இருந்தால் அடைத்ததைத்தான் வாங்குவேன்.

மல்லிகா மண்டபம் | சனி, மதியம் 12:10

அதை நான் மறுக்கவில்லை பாபு. மேடையில் நாங்களே அடிக்குள் மணல் மூட்டை வைக்கிறோம். என் சண்டை அடைப்போடு இல்லை, அடைப்பைப் பித்தளை விலைக்கு விற்பதோடுதான். ஒன்றரைக் கிலோவைக் கழித்து விலை சொன்னால் அந்த விளக்கும் நல்ல விளக்கே.

சுந்தர் எம். | சனி, மதியம் 12:40

அப்படிக் கழித்துச் சொல்ல அவருக்கே எவ்வளவு அடைத்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே. அவர் பட்டறைக்காரர் இல்லை, வாங்கி விற்பவர். உங்கள் 2.6 கிலோவும் உங்கள் விளக்கின் கணக்குத்தான். அவர் அடிப்பாகம் அகலமாக இருந்தால் பித்தளை மூன்று கிலோகூட இருக்கலாம். அப்போது கிலோ 48 ஆகிவிடும், கடைக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மல்லிகா மண்டபம் | சனி, மதியம் 1:05

சரிதான். அதனால்தான் தெரியாததற்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வராது.

பாத்தோக் அருண் | ஞாயிறு, மாலை 6:20

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி போய்ப் பூவை ஒப்பிட்டோம். இரண்டிலும் ஒரே மாதிரி, ஓரம் மழுங்கல்தான். ஜோடி 600-க்குக் கேட்டேன், 650-க்குக் கீழே வரமுடியாது என்றார். ஊர்ப்பெயரைப் பில்லில் எழுதக் கேட்டபோது 'பித்தளை விளக்கு என்று மட்டும் எழுதுகிறேன்' என்றார். கடையில் 590-க்குக் கொடுத்தார்கள், வாங்கிவிட்டோம். நித்யா, வாசலுக்கு உங்கள் பலகை ஒன்று வேண்டும், தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். விலை நீங்கள் சொன்னதுதான்.

இரண்டு சந்தேகம். ஒன்று, தட்டில் எண்ணெய் கசியுமா என்று இப்போதே எப்படிப் பார்ப்பது? இரண்டு, விளக்கின் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது. அப்படியே ஏற்றலாமா?

மல்லிகா மண்டபம் | ஞாயிறு, இரவு 8:45

நல்ல ஜோடி, மகிழ்ச்சி. வார்ப்பில் ஊசித்துளை இருந்தால் அதை ஈயத்தாலோ பசையாலோ அடைத்து மெருகு போட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. தட்டைக் கழற்றி, கீழே செய்தித்தாள் விரித்து, நல்லெண்ணெய் ஊற்றி ஓரிரவு வையுங்கள். தண்ணீர் வேண்டாம், எண்ணெய் போகும் துளையில் தண்ணீர் நின்றுவிடும். காலையில் தாளில் கறை இருந்தால் அன்றே கடைக்குக் கொண்டு போய் மாற்றுங்கள். தட்டு மட்டும் மாற்றித் தருகிறேன் என்றால், உங்கள் தண்டின் மரையில் கடைசிவரை திருகிப் பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் மரை தனித்தனியாக வெட்டுவதால் ஒன்றின் தட்டு இன்னொன்றில் சரியாக உட்காராது, சாய்ந்து நிற்கும்.

பூச்சு இருக்கும் தட்டில் திரி ஏற்றாதீர்கள். சூட்டில் அது பழுப்பாகி உரியும். தட்டையும் கொண்டையையும் மட்டும் சமையல் சோடா போட்ட தண்ணீரில் கொஞ்ச நேரம் கொதிக்க வைத்தால் பூச்சு தோலாகக் கிளம்பி வரும். தண்டிலும் அடியிலும் அப்படியே விட்டுவிடுங்கள், நம் ஊர் ஈரத்தில் அடிக்கடி துலக்குவது மிச்சம்.

கவிதா பொங்கோல் | ஞாயிறு, இரவு 9:10

தட்டு மட்டும் துலக்கித் துலக்கி வேறு நிறமாகத் தெரியாதா அக்கா? எங்கள் வீட்டு விளக்கு அப்படித்தான் இரண்டு நிறத்தில் நிற்கிறது. பூச்சு முழுவதையும் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஓவிய இழையும் போட்டிருக்கிறேன், படங்களோடு.